ஐந்தாண்டு ஓடும் என்று உறுதியில்லாத ஆர்டருக்கு முதலீடு செய்யலாமா: ஆயுள் நிகழ்தகவைச் சேர்த்து என்.பி.வி. கணக்கிடும் முறை

கோவை குறிச்சி தொழிற்பேட்டையில் அலுமினிய வார்ப்புகளை மெஷினிங் செய்து கொடுக்கும் ஒரு பட்டறையின் உரிமையாளர், புதிய ஆர்டர் ஒன்றுக்கான திட்ட அறிக்கையை என்னிடம் கொண்டுவந்தார். பெட்ரோல் இருசக்கர வாகனம் ஒன்றின் எஞ்சின் மூடிக்கான ஆர்டர் அது. செலவுகளும் வரவுகளும் கவனமாகப் போடப்பட்டிருந்தன. ஆனால் "திட்டத்தின் ஆயுள்: 5 ஆண்டுகள்" என்ற வரிக்கு என்ன ஆதாரம் என்று கேட்டபோது, "அஞ்சு வருசம் ஓடும்னு வாயில சொன்னாங்க சார், எழுத்துல ஒண்ணும் குடுக்கலீங்க" என்றார். இதற்கு முன் ஒரு பாகத்துக்காக, மெஷினிங்கின்போது அதைப் பிடித்துக்கொள்ளும் ஃபிக்ஸ்சர் எல்லாம் செய்து முடித்து, இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் அந்த மாடலே நின்றுபோன அனுபவமும் அவருக்கு இருந்தது.

இத்தகைய திட்டத்தில் ஆண்டு வரவு எவ்வளவு என்பதைவிட, அந்த வரவு எத்தனை ஆண்டு வரும் என்பதே பெரிய கேள்வி. அதற்கான கணக்கு முறை கடினமானதன்று. ஒவ்வோர் ஆண்டின் வரவையும், அந்த ஆண்டு வரை பாகம் உற்பத்தியில் இருப்பதற்கான நிகழ்தகவால் பெருக்கி, பிறகு தள்ளுபடி செய்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வேண்டும். அவற்றின் கூட்டிலிருந்து முதலீட்டைக் கழித்தால் வருவதே நிகர இன்றைய மதிப்பு எனப்படும் என்.பி.வி. ஆனால் இதை இவ்வளவோடு நிறுத்திவிட்டால் விடை தவறாகிவிடும். நல்ல திட்டத்தைக்கூட வேண்டாம் என்று தள்ளிவிடும் அளவுக்குத் தவறாகும். அது எங்கே நேர்கிறது என்பதை அந்த ஆர்டரையே எடுத்துக்கொண்டு படிப்படியாகக் காட்டுகிறேன். கணக்கு எளிதாகத் தெரிவதற்காக எண்களை முழுமைப்படுத்தியிருக்கிறேன்.

முதல் படி: முதலீட்டை இரண்டாகப் பிரிப்பது

மொத்த முதலீடு 60 லட்சம் ரூபாய். இதில் 40 லட்சம் வி.எம்.சி. எனப்படும் கணினி வழி மெஷினிங் இயந்திரம் ஒன்றுக்கு, 15 லட்சம் இந்தப் பாகத்துக்கென்றே செய்யப்படும் ஃபிக்ஸ்சர்கள், அளவு பார்க்கும் கேஜ்கள், கசிவுச் சோதனை அமைப்பு ஆகியவற்றுக்கு, மீதி 5 லட்சம் நடைமுறை மூலதனம்.

இந்தப் பிரிவினை கணக்கின் அலங்காரம் அன்று. மாடல் நின்றால் வி.எம்.சி.யை வேறு வேலைக்குத் திருப்பலாம், அல்லது விற்கலாம். கோவையில் பழைய இயந்திரத்துக்கு வாங்குபவர்கள் உண்டு. ஆனால் எஞ்சின் மூடிக்கென்று செய்த ஃபிக்ஸ்சர் மறுநாளே பழைய இரும்பு விலைக்குத்தான் போகும். ஆகவே ஆயுள் குறித்த ஐயம் முழு 60 லட்சத்தையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. எந்தப் பணம் திரும்பும், எந்தப் பணம் திரும்பாது என்பதை முதலிலேயே தனித்தனியாக எழுதிக்கொள்ள வேண்டும்.

இயந்திரத்தை விற்றால் கிடைக்கும் தொகையை, வரியும் கழற்றி ஏற்றும் செலவும் போக, முதல் ஆண்டு முடிவில் 30 லட்சம், பிறகு முறையே 25, 20, 16, 12 லட்சம் என்று மதிப்பிட்டோம். நடைமுறை மூலதனம் ஐந்தாண்டு ஓடி ஒழுங்காக முடிந்தால் 5 லட்சமும் திரும்பும். இடையில் திடீரென்று நின்றால் பாதி முடிந்த பாகங்களும் வாங்கி வைத்த கருவிகளும் தேங்கிவிடும். அப்போது 3 லட்சம்தான் திரும்பும் என்று கொண்டோம். ஆகவே நிற்கும் ஆண்டைப் பொறுத்து, முடிவுத் தொகை 33, 28, 23, 19, 17 லட்சம் ஆகிறது.

இரண்டாம் படி: உயிரோடிருந்தால் வரும் வரவு

பாகம் உற்பத்தியில் இருக்கும் ஒவ்வோர் ஆண்டும், வரி போக, 20 லட்சம் ரூபாய் ரொக்க வரவு. ஆண்டுக்கு 60,000 பாகங்கள் என்ற அடிப்படையில் இது வந்தது. "மாடல் நிற்கலாமே" என்ற அச்சத்தில் இந்த 20 லட்சத்தை 16 லட்சமாகக் குறைத்து எழுதக் கூடாது. இது "ஓடினால் எவ்வளவு" என்ற கேள்விக்கான விடை மட்டுமே. ஓடுமா என்ற கேள்விக்குத் தனி வரிசை இருக்கிறது.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. வாங்கும் நிறுவனம் பெரும்பாலும் ஒரே நாளில் நிறுத்துவதில்லை. மாதாந்திர ஷெட்யூல் 5,000 என்பது 3,000 ஆகி, பிறகு 1,000 ஆகி நிற்கும். பழைய பாகங்களின் ஷெட்யூலைப் பார்க்கும்போது இப்படித் தேய்ந்து நிற்பது வழக்கம் என்று தெரிந்தால், நிற்கும் ஆண்டின் வரவைக் குறைத்துத்தான் எழுத வேண்டும். அந்தக் குறைவை அந்த ஆண்டின் முடிவுத் தொகையில் கழித்துவிடுவது எளிய வழி. மாறாக, மாடல் நின்ற பிறகும் உதிரிப் பாகமாகச் சிறு அளவில் ஆர்டர் வரக்கூடும், அதைக் கூட்டிக்கொள்ளலாம். இங்கே இரண்டையும் விட்டுவிடுகிறேன்.

தள்ளுபடி விகிதம் 14 சதவீதம். ஐந்தாண்டும் உறுதி என்று கொண்டால், 20 லட்ச வரவுகளின் இன்றைய மதிப்பு 68.66 லட்சம், ஐந்தாம் ஆண்டு முடிவில் திரும்பும் 17 லட்சத்தின் இன்றைய மதிப்பு 8.83 லட்சம். முதலீடு 60 லட்சத்தைக் கழித்தால் என்.பி.வி. 17.49 லட்சம். அறிக்கையில் இருந்த எண் இதுதான்.

மூன்றாம் படி: நிகழ்தகவை எங்கிருந்து எடுப்பது

எல்லோரும் தயங்கி நிற்கும் இடம் இது. "ஐந்தாண்டு ஓட எத்தனை சதவீதம் வாய்ப்பு?" என்று நேராகக் கேட்டால் யாராலும் பொறுப்பான விடை சொல்ல முடியாது. கேள்வியைத் துண்டுகளாக்க வேண்டும். "இரண்டாம் ஆண்டு முடியும்வரை ஓடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஆண்டு முடிவில் நிற்க எவ்வளவு வாய்ப்பு?" என்று ஆண்டு ஆண்டாகக் கேட்க வேண்டும். அதுவரை ஓடியது என்ற நிபந்தனையோடு கேட்கப்படும் இந்த விகிதத்தை நிறுத்த விகிதம் என்று குறிப்பிடுகிறேன்.

இதற்குப் பட்டறையின் பழைய கணக்கேடே முதல் சான்று. இதே போன்ற, ஒரு மாடலுக்கென்றே செய்த பாகங்கள் எத்தனை, எப்போது தொடங்கின, எப்போது நின்றன என்று தொகுத்தோம். மொத்தம் 20 பாகங்கள். அவற்றில் 2 முதல் ஆண்டோடு நின்றன. ஆகவே முதல் ஆண்டின் நிறுத்த விகிதம் 20-க்கு 2, அதாவது 10 சதவீதம். மீதி 18-இல் 3 பாகங்கள் தொடங்கி ஓராண்டுதான் ஆகிறது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவை இரண்டாம் ஆண்டு முடிவைச் சந்திக்கவே இல்லை என்பதால் அந்த ஆண்டின் கணக்கில் அவற்றைச் சேர்க்கக் கூடாது. மீதி 15-இல் 3 நின்றன: 20 சதவீதம். எஞ்சிய 12-இல் 4 பாகங்களுக்கு இரண்டாண்டு வயதுதான். அவற்றையும் விலக்கினால் 8. அதில் 2 நின்றன: 25 சதவீதம். எஞ்சிய 6-இல் 3 பாகங்களுக்கு மூன்றாண்டு வயது. அவற்றை விலக்கினால் 3. அதில் 1 நின்றது: மூன்றில் ஒன்று.

இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பாகங்களை இப்படி அவற்றின் வயது வரை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்வது மிக முக்கியம். நின்றுபோன 8 பாகங்களை மட்டும் எடுத்து அவற்றின் சராசரி ஆயுளைப் பார்த்தால் 2.25 ஆண்டுதான் வரும். அதைப் பார்த்தவுடன் இந்த ஆர்டரே வேண்டாம் என்று தோன்றிவிடும். ஆனால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் 12 பாகங்கள் அந்தச் சராசரியில் இல்லவே இல்லை. நின்றவற்றை மட்டும் எண்ணினால் ஆயுள் எப்போதும் குறைத்தே தெரியும்.

பழைய கணக்கேடு சொல்லாதவை வெளியிலிருந்து வருபவை. உமிழ்வு விதி மாறும் நாள் அவற்றுள் முதன்மையானது. பி.எஸ்.-4 தர வாகனங்களை 2020 மார்ச் 31-க்குப் பிறகு விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே தீர்ப்பளித்திருந்தது. பி.எஸ்.-6 வந்தபோது இருசக்கர வாகனங்களில் பெரும்பாலானவை கார்புரேட்டரிலிருந்து எரிபொருள் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. மேம்படுத்தப்படாத மாடல்கள் நின்றன. 2018-இல் ஒரு கார்புரேட்டர் பாகத்துக்குத் திட்ட அறிக்கை எழுதியவருக்கு, 2020 ஏப்ரலில் நிறுத்த விகிதம் 20 சதவீதம் அன்று, ஏறக்குறைய 100 சதவீதம் என்று தெரிந்திருக்க வேண்டும். தேதி அறிவிக்கப்பட்ட மாற்றத்துக்குப் பழைய சராசரி உதவாது. எனவே கணக்கேட்டிலிருந்து விகிதங்களை எடுத்தபின், திட்டக் காலத்துக்குள் அறிவிக்கப்பட்ட விதிமாற்றம் ஏதும் வருகிறதா, வந்தால் இந்தப் பாகம் அந்த மாற்றத்தில் தப்புமா என்று வாங்கும் நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவிலேயே கேட்டுவிட வேண்டும். எஞ்சின் மூடி போன்ற பாகம் எரிபொருள் அமைப்பு மாறினாலும் தப்பக்கூடும். கார்புரேட்டர் உடல் தப்பாது. எங்கள் கேள்விக்கு அப்படி எந்தத் தேதியும் இல்லை என்று பதில் வந்ததால் கணக்கேட்டு விகிதங்களையே வைத்துக்கொண்டோம்.

நான்காம் படி: இரண்டு வரிசை நிகழ்தகவுகள்

இனி ஒரு நேர ஒழுங்கை முடிவு செய்ய வேண்டும். நிறுத்தம் ஆண்டு முடிவில்தான் நிகழும், ஆகவே முதல் ஆண்டின் வரவு உறுதி என்று கொள்கிறேன். ஓர் ஆண்டின் வரவு வர வேண்டுமானால் அதற்கு முந்தைய ஆண்டு முடிவுகள் எல்லாவற்றையும் பாகம் தாண்டியிருக்க வேண்டும். இரண்டாம் ஆண்டுக்கு 0.90, மூன்றாம் ஆண்டுக்கு 0.90-ஐ 0.80-ஆல் பெருக்க 0.72, நான்காம் ஆண்டுக்கு அதை 0.75-ஆல் பெருக்க 0.54, ஐந்தாம் ஆண்டுக்கு மூன்றில் இரண்டால் பெருக்க 0.36. இது ஆயுள் நிகழ்தகவு.

இதனோடு இன்னொரு வரிசையும் வேண்டும்: பாகம் சரியாக அந்த ஆண்டின் முடிவில் நிற்பதற்கான நிகழ்தகவு. அந்த ஆண்டின் ஆயுள் நிகழ்தகவை அந்த ஆண்டின் நிறுத்த விகிதத்தால் பெருக்கினால் அது கிடைக்கும். ஐந்தாம் ஆண்டோடு எப்படியும் முடிவதால் அதன் நிறுத்த விகிதம் 1.

| ஆண்டு | நிறுத்த விகிதம் | ஆயுள் நிகழ்தகவு | அந்த ஆண்டில் நிற்கும் நிகழ்தகவு | வரவு (லட்சம்) | முடிவுத் தொகை (லட்சம்) | தள்ளுபடிக் காரணி |
|---|---|---|---|---|---|---|
| 1 | 0.10 | 1.00 | 0.10 | 20 | 33 | 0.8772 |
| 2 | 0.20 | 0.90 | 0.18 | 20 | 28 | 0.7695 |
| 3 | 0.25 | 0.72 | 0.18 | 20 | 23 | 0.6750 |
| 4 | 0.3333 | 0.54 | 0.18 | 20 | 19 | 0.5921 |
| 5 | 1 | 0.36 | 0.36 | 20 | 17 | 0.5194 |

நான்காவது பத்தியின் கூட்டுத்தொகை 1 ஆக வர வேண்டும். வரவில்லை என்றால் எங்கோ பெருக்கல் பிசகியிருக்கிறது. மேலே போகாமல் அங்கேயே திருத்திவிட வேண்டும்.

ஐந்தாம் படி: பெருக்கிக் கூட்டுவது, தவறு நேரும் இடம்

வரவுகளை ஆயுள் நிகழ்தகவாலும் தள்ளுபடிக் காரணியாலும் பெருக்கிக் கூட்டினால் 51.25 லட்சம் வருகிறது. இது எல்லோரும் சரியாகச் செய்யும் பகுதி.

முடிவுத் தொகையில்தான் தவறுகிறார்கள். பழைய அறிக்கையில் கடைசி ஆண்டில் மட்டும் 17 லட்சம் என்று ஒரு வரி இருந்ததால், அந்த ஒரே வரியை ஐந்தாம் ஆண்டின் 0.36-ஆல் பெருக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் 3.18 லட்சம்தான் சேரும். 51.25-உம் 3.18-உம் கூட்டி 60-ஐக் கழித்தால் 5.57 லட்சம் நட்டம். திட்டம் தள்ளப்பட வேண்டியது என்று விடை சொல்லும்.

ஆனால் அந்தக் கணக்கு மறைமுகமாகச் சொல்வது என்ன? பாகம் இரண்டாம் ஆண்டில் நின்றால் 40 லட்ச ரூபாய் இயந்திரம் ஒரு காசுக்கும் விலைபோகாது என்று சொல்கிறது. அது உண்மையன்று. நின்ற அன்றே, கொஞ்சமே தேய்ந்த இயந்திரம் கையில் இருக்கிறது. வரவு என்பது பாகம் ஓடுவதால் கிடைப்பது, அதற்கு ஆயுள் நிகழ்தகவு. முடிவுத் தொகை என்பது பாகம் நிற்பதால் கிடைப்பது, அதற்கு நிற்கும் நிகழ்தகவு. ஒவ்வோர் ஆண்டின் முடிவுத் தொகையையும் அந்த ஆண்டில் நிற்கும் நிகழ்தகவாலும் தள்ளுபடிக் காரணியாலும் பெருக்கிக் கூட்டினால் 14.77 லட்சம் வருகிறது. 51.25-உம் 14.77-உம் கூட்டி 60-ஐக் கழிக்க, எதிர்பார்ப்பு என்.பி.வி. 6.02 லட்சம். உறுதி என்று நினைத்த 17.49 லட்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. ஆனாலும் லாபப் பக்கமே நிற்கிறது.

விரிதாளில் மேலே உள்ள பட்டியலை A முதல் G வரையிலான பத்திகளில், இரண்டாம் வரியிலிருந்து இட்டு, தள்ளுபடி விகிதத்தை J1-இலும் முதலீட்டை J2-இலும் வைத்தால் வாய்பாடுகள் இவை:

```
C2: =1
C3: =C2*(1-B2)
D2: =C2*B2
G2: =1/(1+$J$1)^A2
J4: =SUMPRODUCT(C2:C6,E2:E6,G2:G6)+SUMPRODUCT(D2:D6,F2:F6,G2:G6)-J2
```

C3, D2, G2 ஆகியவற்றைக் கீழே இழுத்துக்கொள்ள வேண்டும்.

இடையில் ஓர் எச்சரிக்கை: விகிதத்தை ஏற்றுவது

இந்தக் கணக்கைப் பார்த்தபின் வங்கி அலுவலர் ஒருவர், "ஆர்டர் நிற்கும் அபாயம் இருக்கிறதே, 14-க்குப் பதிலாக 20 சதவீதம் வைத்துப் போடுங்கள்" என்று சொல்லக்கூடும். நிகழ்தகவால் பெருக்கியபின் விகிதத்தையும் ஏற்றினால் ஒரே அபாயத்தை இருமுறை கழிப்பதாகும். 14 சதவீதம் என்பது மூலதனத்தின் விலை. மாடல் நிற்கும் அபாயம் அதற்குள் வரக் கூடாது.

நிகழ்தகவே போடாமல் விகிதத்தை மட்டும் ஏற்றுவது சரியாகுமா என்றால், ஒரு சிறப்பு நிலையில் மட்டும் சரியாகும். முதல் ஆண்டு முடிவு தொடங்கி, ஆண்டுதோறும் நிறுத்த விகிதம் மாறாமல் 10 சதவீதமாக இருந்து, நின்றபின் ஒன்றுமே திரும்பாது என்றால், ஒவ்வொரு கூடுதல் ஆண்டுக்கும் 1.14-ஐ 0.90-ஆல் வகுத்து வரும் 26.67 சதவீதத்தால் தள்ளுபடி செய்வதும் நிகழ்தகவால் பெருக்குவதும் ஒன்றே. நம் வழக்கில் நிறுத்த விகிதம் ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது, நின்றால் இயந்திரமும் மிஞ்சுகிறது. ஆகவே எந்த ஒற்றை விகிதமும் இதைச் சரியாகச் சொல்லாது.

ஆறாம் படி: சராசரியைப் பிரித்துப் பார்ப்பது

6.02 லட்சம் என்பது எந்த நாளிலும் கையில் வரப்போகும் தொகை அன்று. வரப்போவது கீழுள்ள ஐந்தில் ஒன்றுதான். முதல் ஆண்டோடு நின்றால் 13.51 லட்சம் நட்டம். இரண்டாம் ஆண்டோடு நின்றால் 5.52 லட்சம் நட்டம். மூன்றாம் ஆண்டோடு நின்றால் 1.96 லட்சம் லாபம். நான்காம் ஆண்டோடு 9.53 லட்சம், ஐந்தும் ஓடினால் 17.49 லட்சம். இவற்றை நிற்கும் நிகழ்தகவுகளால் பெருக்கிக் கூட்டினால் அதே 6.02 வரும், முன்பு போட்ட கணக்குக்கு இது நல்ல சரிபார்ப்பு.

முதல் இரண்டு நிலைகளின் நிகழ்தகவு 0.10-உம் 0.18-உம் சேர்ந்து 0.28. அதாவது நட்டம் வர 28 சதவீத வாய்ப்பு. சராசரி ஆயுள் 3.52 ஆண்டு என்று எடுத்து ஒரே கணக்காகப் போட்டிருந்தால் இங்கே 5.9 லட்சம் அளவில் வந்திருக்கும். எண் நெருங்கித்தான் வருகிறது. ஆனால் அந்தக் கணக்கு இந்த 28 சதவீதத்தைக் காட்டியிருக்காது. ஒரு சிறு பட்டறைக்கு முடிவு செய்ய வேண்டிய விஷயம் பெரும்பாலும் அந்த எண்தான்.

ஏனென்றால் கடன் இருக்கிறது. இயந்திரத்துக்கான 40 லட்சத்தையும் 11 சதவீத வட்டியில் ஐந்தாண்டுத் தவணைக் கடனாக எடுத்தால் மாதத் தவணை சுமார் 86,970 ரூபாய். முதல் ஆண்டு முடிவில் மாடல் நின்றால் நிலுவை அசல் சுமார் 33.65 லட்சம் இருக்கும். இயந்திரத்தை விற்றால் வருவதோ 30 லட்சம். விற்றாலும் 3.65 லட்சத்தைக் கையிலிருந்து போட வேண்டும். வட்டியையும் தவணையையும் என்.பி.வி.யின் வரவில் கழிக்கக் கூடாது, ஏனெனில் 14 சதவீதத்திலேயே அது அடங்கிவிட்டது. ஆனால் நட்டம் வரும் ஒவ்வொரு நிலைக்கும் அந்த மாதத்தில் வேறு வேலைகளின் வரவு தவணையைத் தாங்குமா என்று தனியாகப் பார்க்க வேண்டும். உரிமையாளருக்கு மற்ற ஆர்டர்களிலிருந்து தாங்கும் வலு இருந்தது. ஆனால் அந்த ஆர்டர்களில் பாதியும் இதே வாங்குநரிடமிருந்து வருபவை என்பதையும் கேட்டறிந்தேன். ஒரு மாடல் நிற்கும் காலத்தில் அவையும் குறையக்கூடும் என்பதால் அந்தப் பாதியை வலுவாகக் கொள்ளவில்லை.

ஏழாம் படி: எந்த எண் பிசகினால் முடிவு மாறும்

நான்காம் ஆண்டின் நிறுத்த விகிதத்தை வெறும் மூன்று பாகங்களை வைத்து எடுத்தோம். மூன்று என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. நியாயமாகவே இதை நம்பலாமா என்று கேட்க வேண்டும். ஆகவே அந்த ஒரு விகிதத்தை மட்டும் 100 சதவீதமாக்கிப் பார்த்தேன். நான்காம் ஆண்டோடு கட்டாயம் நின்றுவிடும் என்றாலும் எதிர்பார்ப்பு என்.பி.வி. 3.15 லட்சமாக லாபத்திலேயே இருந்தது. எனவே அந்த எண்ணிக்கைக் குறைவு இந்த முடிவைப் பாதிக்காது.

முதல் ஆண்டு அப்படியன்று. முதல் ஆண்டைத் தாண்டிவிட்டால் எதிர்பார்ப்பு மதிப்பு 8.19 லட்சம், தாண்டாவிட்டால் 13.51 லட்சம் நட்டம். முதல் ஆண்டின் நிறுத்த விகிதம் 10 சதவீதத்திலிருந்து 38 சதவீதத்தை நெருங்கினால் திட்டம் பூச்சியத்துக்கு வந்துவிடுகிறது. எல்லா விகிதங்களையும் ஒரே அளவில் பெருக்கிப் பார்த்தால், ஏறக்குறைய 1.8 மடங்கு ஆகும்போது லாபம் மறைகிறது. ஆகவே விசாரிக்கும் நேரத்தையும் முயற்சியையும் முதல் இரண்டாண்டுக்கே செலவிட வேண்டும்: மாடல் சந்தைக்கு வந்துவிட்டதா, இன்னும் முன்மாதிரி நிலையில்தான் உள்ளதா, இந்தப் பாகத்துக்கு இன்னொரு சப்ளையரையும் வளர்க்கிறார்களா என்பவை அங்கே கேட்க வேண்டிய கேள்விகள். நமக்கு நிற்பது என்பது மாடல் நிற்பதால் மட்டும் வருவதில்லை. ஆர்டர் வேறு பட்டறைக்குப் போனாலும் நின்றதுதான்.

எட்டாம் படி: கணக்கைப் பேச்சுவார்த்தைக்கு எடுத்துப்போவது

மேலே உள்ள எண்களை நான் மிகவும் மதிப்பது இந்த இடத்தில்தான். திரும்பாத பணம் எது என்று முதல் படியிலேயே பிரித்துவிட்டோம்: 15 லட்ச ரூபாய் ஃபிக்ஸ்சரும் அது சார்ந்தவையும். மாடல் முன்கூட்டியே நின்றால், ஐந்தில் எத்தனை ஆண்டு மீதமோ அத்தனை பங்கை வாங்குநர் ஈடு செய்ய வேண்டும் என்று ஒரு விதியைக் கேட்கலாம். முதல் ஆண்டோடு நின்றால் 12 லட்சம். பிறகு 9, 6, 3 லட்சம். இத்தொகைகளை வரி போகக் கிடைப்பவையாகக் கொள்கிறேன்.

இவற்றை நிற்கும் நிகழ்தகவாலும் தள்ளுபடிக் காரணியாலும் பெருக்கிக் கூட்டினால் 3.35 லட்சம். எதிர்பார்ப்பு என்.பி.வி. 9.37 லட்சமாக உயர்கிறது. அதைவிட முக்கியமானது, இரண்டாம் ஆண்டோடு நின்றாலும் இனி 1.40 லட்சம் லாபம். முதல் ஆண்டோடு நின்றால் நட்டம் 2.98 லட்சத்தோடு நின்றுவிடும். நட்டத்துக்கான வாய்ப்பு 28 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைகிறது.

இதற்காக விலையில் எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்பதையும் கணக்கே சொல்லும். ஓர் ஆண்டுக்கு ஒரு ரூபாய் என்ற வரவின் நிகழ்தகவு சேர்ந்த இன்றைய மதிப்பு 2.5625 ரூபாய், 3.35 லட்சத்தை அதனால் வகுத்தால் ஆண்டுக்கு 1.31 லட்சம். 60,000 பாகங்களுக்குப் பகிர்ந்தால், வரி போக, ஒரு பாகத்துக்கு 2 ரூபாய்க்குச் சற்று மேல். அந்த அளவு வரை விலையைக் குறைத்துக்கொண்டு இந்த ஈட்டு விதியைப் பெற்றாலும், எதிர்பார்ப்பு மதிப்பில் இழப்பு இல்லை.

"விலையக் கொறைக்கச் சொல்லித்தானுங்க எப்பவும் கேப்பாங்க, நாம என்ன கேக்கறதுன்னு தெரியாமயே இருந்தேன்" என்றார் உரிமையாளர். வாங்குநர் முழு ஈட்டுக்கு ஒப்பவில்லை. ஒரு ரூபாய் விலைக் குறைப்புக்குப் பாதி ஈடு தருவதாகக் கொள்முதல் ஆணையிலேயே எழுதிக்கொடுத்தார்கள். பாதி ஈட்டின் மதிப்பு 1.67 லட்சம், அதற்கு ஈடான விலைக் குறைப்பு பாகத்துக்கு 1.09 ரூபாய். ஒரு ரூபாய் குறைப்பில் வரி போக அதற்கும் குறைவே போகிறது என்பதால் பேரம் நியாயமாகவே முடிந்தது.

ஒன்பதாம் படி: ஓராண்டு கழித்து மீண்டும்

முதல் ஆண்டைத் தாண்டியபின் பழைய பட்டியலை அப்படியே பயன்படுத்தக் கூடாது. நடந்துவிட்டதற்கு நிகழ்தகவு இல்லை; ஆகவே மீதமுள்ள ஆயுள் நிகழ்தகவுகளை எல்லாம் 0.90-ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் ஆண்டு 1.00, பிறகு 0.80, 0.60, 0.40. தள்ளுபடிக் காரணியும் மீண்டும் 0.8772-இல் தொடங்கும். புதிய செய்தி ஏதும் இருந்தால், ஷெட்யூல் தேய்கிறது என்றாலோ வாங்குநர் வேறு மாடலை அறிவித்துவிட்டார் என்றாலோ, நிறுத்த விகிதங்களையும் அப்போதே மாற்ற வேண்டும்.

விகிதங்கள் மாறவில்லை என்றால், ஈட்டையும் விலைக் குறைப்பையும் சேர்க்காமல், தொடர்ந்து ஓட்டுவதன் மதிப்பு அன்று 57.74 லட்சம் வருகிறது. அன்றே நாமாக நிறுத்தி இயந்திரத்தை விற்றால், திரும்பும் நடைமுறை மூலதனத்தையும் சேர்த்து 33 லட்சம். இந்த இரண்டு எண்களைத்தான் ஒப்பிட வேண்டும். போன ஆண்டு போட்ட 60 லட்சம் அந்த ஒப்பீட்டில் எங்கும் வராது.